பிளான் அப்கிரேடு: 3,540 வர வேண்டிய பில் 4,690.50 ஆக வந்திருக்கு. பில்லின் மேலே இருக்கும் இந்த இரண்டு வரிக்கு என்ன அர்த்தம்?

வடவள்ளிக்காரன்

ஒரு ஆன்லைன் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சேவையில் பேசிக் பிளானில் இருந்தோம். மாதம் 1,500, ஜிஎஸ்டியோடு 1,770. செப்டம்பர் 11ஆம் தேதி புரோ பிளானுக்கு மாற்றினேன். அது மாதம் 3,000. மாற்றும்போது திரையில் `Due today ₹0.00` என்றுதான் காட்டியது. சரி, அடுத்த மாதத்திலிருந்து புரோ விலை என்று நினைத்தேன். அக்டோபர் 1ஆம் தேதி பில்லில் 3,540 வரும் என்று பார்த்தால் 4,690.50 வந்திருக்கிறது. பில்லில் மூன்று வரி:

```
Unused time on Basic after 11 Sep 2025    11 Sep – 1 Oct    -975.00
Remaining time on Pro after 11 Sep 2025   11 Sep – 1 Oct   1,950.00
Pro                                        1 Oct – 1 Nov   3,000.00
Subtotal                                                   3,975.00
IGST 18%                                                     715.50
Total                                                      4,690.50
```

மூன்றாவது வரி புரிகிறது. மேலே இருக்கும் இரண்டும் என்ன? செப்டம்பருக்குத்தான் ஏற்கெனவே 1,770 கட்டியாச்சே?

சுந்தர்_77

அதே மாசத்துக்கு ரெண்டு தடவை காசு எடுத்திருக்காங்க, அவ்வளவுதான். 1,770 கட்டின மாசத்துக்கே மறுபடி 1,950 போட்டு, பேருக்கு 975 கழிச்சு கணக்கு காட்டுறாங்க. சப்போர்ட்டுக்கு மெயில் போட்டு ரீஃபண்ட் கேளுங்க. கேட்டா தருவாங்க.

பில்லிங்_மேசை

ரீஃபண்ட் கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம். பில்லில் தொகையை முதலில் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வரியின் நடுவிலும் ஒரு தேதி வரம்பு இருக்கிறதே, அதைப் பாருங்கள். மேல் இரண்டு வரிக்கும் `11 Sep – 1 Oct`. கடைசி வரிக்கு `1 Oct – 1 Nov`. அதாவது ஒரே பில்லுக்குள் இரண்டு மாதத்தின் கணக்கு கிடக்கிறது. அக்டோபருக்கான முன்பணம் 3,000. செப்டம்பரில் விட்டுப்போன பாக்கி 975.

பாக்கி எப்படி வந்தது என்றால், செப்டம்பர் 1 அன்று நீங்கள் கட்டியது முழு மாத பேசிக்குக்கு. 11ஆம் தேதி புரோவுக்குப் போனதும், அதற்குப் பிந்தைய பேசிக் நாட்களை நீங்கள் பயன்படுத்தவில்லை. காசு கட்டிய ஆனால் பயன்படுத்தாத அந்தப் பகுதியைத் திருப்பி வரவு வைக்கிறார்கள். அதுதான் மைனஸ் 975. அதே நாட்களில் புரோ உங்களிடம் இருந்தது, அதற்கு இன்னும் கட்டவில்லை. அதுதான் 1,950. இரண்டையும் சேர்த்தால் 975 நீங்கள் தர வேண்டியது.

சரிபார்க்க வேறு வழியிலும் போகலாம். செப்டம்பர் 30 நாள். பேசிக் நாளுக்கு 50, புரோ நாளுக்கு 100. பில்லில் உள்ளபடி நீங்கள் பத்தரை நாள் பேசிக்கில், பத்தொன்பதரை நாள் புரோவில் இருந்திருக்கிறீர்கள். 525 + 1,950 = 2,475. முன்பே கட்டியது 1,500. மீதி 975. இரண்டு தடவை எடுக்கவில்லை.

வடவள்ளிக்காரன்

ஓ. தேதி வரம்பை நான் கவனிக்கவே இல்லை, நன்றிங்க. ஆனால் பத்தரை நாள் எங்கிருந்து வந்தது? 11ஆம் தேதி மாற்றினால் முன்னே 10 நாள், பின்னே 20 நாள். 20 நாளுக்கு வித்தியாசம் 50 வீதம் 1,000 வர வேண்டும். 25 ரூபாய் குறைவாக வருகிறதே. எனக்கு லாபம்தான், ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை.

சுந்தர்_77

பாத்தீங்களா, கணக்கே தப்பு. ஒழுங்கான முறை இதுதான்: விலை வித்தியாசத்தை மாச நாளால வகுத்து மீதி நாளால பெருக்கணும். ஒரே வரி. 1,000. இவங்க குழப்பணும்னே ரெண்டு வரி போடுறாங்க.

மீனா_டெவ்

சுந்தர் சார் சொல்ற ஃபார்முலா தப்பில்லை, விலை ரெண்டும் சுத்தமா இருந்தா அதே விடைதான் வரும். 25 ரூபாய் வித்தியாசத்துக்குக் காரணம் வேற. `Unused time on…`, `Remaining time on…` ங்கிற வாசகம் ஸ்ட்ரைப் பில்லிங்கோடது, நிறைய ஆன்லைன் சேவைங்க சந்தா பணம் வசூலிக்கப் பயன்படுத்துற சிஸ்டம். அது நாள் கணக்குல ஓடாது, விநாடிக் கணக்குல ஓடும். பில் சுழற்சி ஆரம்பிக்கிறது நள்ளிரவுலயும் இல்ல, நீங்க முதல்ல சந்தா எடுத்த நேரத்துல.

@வடவள்ளிக்காரன், முதல் சந்தா எத்தனை மணிக்கு எடுத்தீங்க, அப்கிரேடு எத்தனை மணிக்குன்னு ரசீது மெயில்ல பாருங்க.

வடவள்ளிக்காரன்

முதல் ரசீது காலை 10 மணி. அப்கிரேடு உறுதி மெயில் இரவு 10 மணி.

மீனா_டெவ்

அப்ப சரியா விழுது. 1ஆம் தேதி காலை 10 மணியிலேர்ந்து அடுத்த 1ஆம் தேதி காலை 10 மணி வரைக்கும் 25,92,000 விநாடி. 11ஆம் தேதி இரவு 10 மணிக்கு மீதி 16,84,800. வகுத்தா 0.65.

1,500 × 0.65 = 975. 3,000 × 0.65 = 1,950. அவ்வளவுதான்.

இன்னொண்ணு. பில்லுல அச்சாகிற தேதி சேவைக்காரங்க கணக்குல வெச்சிருக்கிற நேர மண்டலத்துல இருக்கும், நிறையப் பேர் UTC-லயே விட்டுடுவாங்க. நம்ம நேரம் அதுக்கு ஐந்தரை மணி முன்னால. 12ஆம் தேதி விடியக்காலை 3 மணிக்கு மாத்தினா பில்லுல 11ன்னு போடும். தொகை மாறாது, தேதி மட்டும் ஒரு நாள் தள்ளித் தெரியும்.

பில்லிங்_மேசை

இந்த 0.65 தான் பில்லைச் சோதிக்க நல்ல கருவி. நேரமெல்லாம் தேடவே வேண்டாம். மைனஸ் வரியைப் பழைய பிளானின் முழு விலையால் வகுங்கள். பிளஸ் வரியைப் புதிய பிளானின் முழு விலையால் வகுங்கள். இரண்டு விடையும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே கணத்திலிருந்து ஒரே தேதி வரை உள்ள காலத்தின் பங்கு. ஒத்துப்போனால் கணக்கு சரி. ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு விலையில் ஒன்று நீங்கள் நினைப்பது இல்லை. ஜிஎஸ்டியைச் சேர்க்காத தொகையை வைத்து வகுக்க வேண்டும், 1,770-ஐ வைத்து வகுத்துவிட்டுத் தப்பு என்று மெயில் போடுகிறவர்கள் ஏராளம்.

ரீசார்ஜ்_ராஜா

இதே மாதிரி மொபைல்லயும் பண்றாங்க. 28 நாள் பேக் போட்டு 10 நாள்ல பெரிய பேக் போட்டேன். பழைய பேக்ல மீதி 18 நாளுக்கு ஒரு பைசா கழிக்கலை. அந்த மைனஸ் வரி எனக்கு எங்க?

பில்லிங்_மேசை

ராஜா, அது ப்ரீபெய்ட். அங்கே பில் சுழற்சியே கிடையாது, நீங்கள் வாங்குவது தனித்தனிப் பேக். இங்கே பேசுவது தேதிக்குத் தேதி தானாகப் புதுப்பிக்கும் சந்தா. போஸ்ட்பெய்ட் என்றால் உங்கள் கேள்வி பொருந்தும், பில்லில் மாத வாடகைக்கு எதிரே தேதி வரம்பு போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெருந்துறை_டிசைன்ஸ்

எங்க பில்லுல அந்த வகுத்தல் ஒத்துவரலை. நாங்களும் இதே சேவை, இதே விலை. மைனஸ் வரி 780, பிளஸ் வரி 1,950. 1,950-ஐ 3,000 ஆல வகுத்தா 0.65. 780-ஐ 1,500 ஆல வகுத்தா 0.52. எங்களுக்கு 195 ரூபாய் குறைச்சு வரவு வெச்சிருக்காங்கன்னு அர்த்தமா?

பில்லிங்_மேசை

பேசிக்கில் ஏதாவது கூப்பன் ஓடிக்கொண்டிருந்ததா?

பெருந்துறை_டிசைன்ஸ்

ஆமா, முதல் மூணு மாசத்துக்கு 20%. அது ரெண்டாவது மாசம்.

பில்லிங்_மேசை

அதுதான். நீங்கள் கட்டியது 1,500 இல்லை, 1,200. கட்டாத பணத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். 1,200 × 0.65 = 780. கணக்கு சரி.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி பிளஸ் வரியில் இருக்கிறது. கூப்பன் மூன்று மாதத்துக்கு என்றால், அது சந்தாவுக்கா பேசிக் பிளானுக்கு மட்டுமா? சந்தாவுக்கு என்றால் புரோவின் மீதி நாட்களுக்கும் 20% கழிந்திருக்க வேண்டும்: 2,400 × 0.65 = 1,560. நீங்கள் தர வேண்டியது 780. பேசிக்குக்கு மட்டும் என்றால் உங்கள் பில்லில் உள்ளபடி 1,950 − 780 = 1,170. வித்தியாசம் 390, ஜிஎஸ்டி தனி. கூப்பன் வந்த மெயிலில் நிபந்தனையைப் படித்துவிட்டு சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். `coupon scope` என்று கேட்டால் அவர்களுக்கு உடனே புரியும்.

சுந்தருக்கும் இதுதான் பதில். விலை வித்தியாசத்தை எடுத்து நாளால் பெருக்கும் ஒற்றை வரி முறையில், இவருக்கு கூப்பன் எந்தப் பக்கம் விழுந்தது என்று வெளியில் தெரியவே தெரியாது. இரண்டு வரி இருப்பதால்தான் 0.52 என்று பல்லிளிக்கிறது.

சுந்தர்_77

ரெண்டு வரிக்கு ஒத்துக்கிறேன். ஆனா மாத்துற அன்னிக்கு `Due today ₹0.00` ன்னு காட்டிட்டு மூணு வாரம் கழிச்சு எடுக்கிறது நியாயமா? அன்னிக்கே எடுத்திருந்தா இந்த இழையே இல்லை.

மீனா_டெவ்

அது சேவைக்காரங்க தேர்வு. ஸ்ட்ரைப்ல சந்தாவை மாத்துறப்ப இந்த மூணுல ஒண்ணு போகும்:

```
proration_behavior=create_prorations
proration_behavior=always_invoice
proration_behavior=none
```

ஒண்ணும் சொல்லாம விட்டா முதல்தான். ரெண்டு வரியையும் உருவாக்கி ஓரமா வெச்சுக்கும், அடுத்த பில்லோட சேத்து அனுப்பும். வடவள்ளிக்காரருக்கு நடந்தது அதான். ரெண்டாவது, மாத்தின நிமிஷமே தனி பில் போட்டு 975 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் எடுத்துடும், அக்டோபர் பில் சுத்தமா 3,540 வரும். மூணாவதுல நடுவுல ஒரு கணக்கும் இல்ல, அடுத்த சுழற்சியிலேர்ந்து புது விலை.

அதனால ஒரே அப்கிரேடு, சேவைக்குச் சேவை வேற மாதிரித் தெரியும். பில் பட்டியல்ல மாத்தின தேதியில ஒரு சின்ன பில் தனியா இருக்கான்னு பாருங்க. இருந்தா அடுத்த பில்லுல அந்த ரெண்டு வரி மறுபடி வரக் கூடாது. ரெண்டு இடத்துலயும் இருந்தா அப்ப சுந்தர் சார் சொன்ன "ரெண்டு தடவை" நிஜம், தயங்காம கேளுங்க.

திரையில `₹0.00` காட்டினது பொய் இல்ல, அன்னிக்கு எடுத்தது பூஜ்யம்தான். ஆனா அடுத்த பில்லை முன்கூட்டியே கணக்குப் போட்டுக் காட்ட வசதி இருக்கு. மாத்துற பொத்தானுக்குப் பக்கத்துல "அக்டோபர் 1 அன்று 4,690.50" ன்னு காட்டியிருக்கலாம். காட்டாதது சோம்பேறித்தனம்னுதான் நான் சொல்வேன்.

பில்லிங்_மேசை

சோம்பேறித்தனம் மட்டும் இல்லை மீனா. உடனே 1,150.50 எடுப்போம் என்றால் பாதிப் பேர் பொத்தானை அமுக்க மாட்டார்கள் என்ற கணக்கும் இருக்கும். இன்னொரு பக்கம், மாதத்தில் நாலு தடவை ஆள் சேர்க்கிற அலுவலகத்துக்கு நாலு சின்ன பில் வருவதைவிட மாதம் ஒரே பில் வருவதுதான் வசதி. அவர்களின் கணக்காளர்களே அப்படிக் கேட்பார்கள்.

சுந்தர்_77

அதுக்காக முன்னாடி சொல்லாம இருக்கலாமா? நான் ஒத்துக்க மாட்டேன்.

லெட்ஜர்_பவானி

கணக்காளர்கள் பெயர் அடிபட்டதால் சொல்கிறேன். ஒரே பில் வசதிதான், ஆனால் அக்டோபர் பில்லை அப்படியே அக்டோபர் செலவாகப் பதிவு செய்யாதீர்கள். 975 செப்டம்பர் மாதச் சேவை. மாதக் கணக்கு முடிக்கிற இடங்களில் அதை செப்டம்பரில் வைக்க வேண்டும். தேதி வரம்பைப் பார்க்கச் சொன்னாரே, அது எங்களுக்குத்தான் ரொம்ப உதவும். மார்ச்சில் அப்கிரேடு செய்து ஏப்ரலில் பில் வந்தால் நிதியாண்டே தாண்டிவிடும்.

என் சந்தேகம் வேறு. இதே புரோ பிளான், இரண்டு இருக்கை. 21ஆம் தேதி மூன்றாவது ஆளைச் சேர்த்தார்கள். பில்லில் மைனஸ் 2,000, பிளஸ் 3,000. ஒரே ஒரு ஆளைச் சேர்த்ததற்கு ஏன் எல்லாருக்கும் கழித்து எல்லாருக்கும் மறுபடி போடுகிறார்கள்?

மீனா_டெவ்

வரியை முழுசாப் படிங்க மேடம், `Unused time on 2 × Pro`, `Remaining time on 3 × Pro` ன்னு இருக்கும். எண்ணிக்கை மாறினாலும் அதுக்கு அது பழைய சந்தாவை மூடி புதுசு திறக்கிற மாதிரிதான். 6,000-த்துல மூணுல ஒரு பங்கு போச்சு, 9,000-த்துல மூணுல ஒரு பங்கு வந்துச்சு. நிகரம் 1,000, ஒரு ஆளுக்குப் பத்து நாள். வகுத்துப் பாருங்க, ரெண்டும் 0.3333 வரும்.

ஈரோடு_ஐடி

எங்களுக்குப் பிரச்சினை வேற இடத்துல. பில் புரிஞ்சுது, ஆனா கார்டுல பணம் போகலை. மாசா மாசம் தானா போய்க்கிட்டிருந்த கார்டுதான். 8,000 பிளான்ல இருந்து 12,000-க்கு மாறினோம், சரியா 20 நாள் மீதி. 12,000 வரியோட 14,160 தானே, 15,000-க்குள்ளதான் இருக்கு?

பில்லிங்_மேசை

பில் தொகை 14,160 இல்லை, அங்கேதான் சிக்கல். ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானாகக் கழியும் சந்தாவுக்கு 15,000 வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை, அதைத் தாண்டினால் தேவை. உங்கள் மாதாந்திரத் தொகை அந்த வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு பில்லில் பாக்கியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. வித்தியாசம் 4,000, அதில் மூன்றில் இரண்டு பங்கு 2,666.67. 12,000-உடன் சேர்த்தால் 14,666.67. வரி 2,640. மொத்தம் 17,306.67. ஓடிபி கேட்டிருக்கும், ஆள் இல்லாமல் தோற்றிருக்கும்.

மெயிலில் `Confirm your payment` என்ற மாதிரி ஒரு இணைப்பு வந்திருக்கும், அல்லது பில் பக்கத்திலேயே கட்டும் பொத்தான் இருக்கும். அதில் போய் ஓடிபி கொடுத்துக் கட்டிவிடுங்கள். அடுத்த மாதம் மறுபடி 14,160 தான், தானாகப் போகும். முதலில் கொடுத்த அனுமதியில் நீங்களே ஒரு உச்ச வரம்பு போட்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். 10,000 என்று போட்டிருந்தால் 14,160-உம் போகாது, புது அனுமதி எடுக்க வேண்டும்.

ஈரோடு_ஐடி

கட்டிட்டோம், போயிடுச்சு. உச்ச வரம்பு 15,000 தான் இருக்கு, அதனால அடுத்த மாசம் கவலை இல்ல. வங்கியில இருந்து முந்தின நாளே 17,306.67 எடுக்கப்போறோம்னு எஸ்எம்எஸ் வந்திருக்கு, யாரும் பார்க்கலை.

வடவள்ளிக்காரன்

இன்னொரு கேள்வி. புரோவை ஆண்டுச் சந்தாவாக எடுத்தால் 30,000 என்று காட்டுகிறது. 11ஆம் தேதியே பேசிக்கில் இருந்து நேராக அதற்குப் போயிருந்தாலும் அடுத்த பில்லில்தான் வந்திருக்குமா?

மீனா_டெவ்

இல்ல, மாசத்துல இருந்து வருஷத்துக்குப் போனா சுழற்சித் தேதியே மாறிடும். அன்னிக்கே பில். பேசிக்ல மீதி 975 கழிச்சு 29,025, வரியோட 34,249.50, அங்கேயே ஓடிபி. அடுத்த பில் அடுத்த வருஷம் செப்டம்பர் 11. பிளஸ் வரியில `Remaining time` இருக்காது, முழு வருஷ விலை நேரா இருக்கும். அதனால அந்த ரெண்டு வகுத்தல் சோதனை இங்க நடக்காது, மைனஸ் வரியை மட்டும் வகுத்து மீதி நாளோட ஒத்துப்பாருங்க.

பெருந்துறை_டிசைன்ஸ்

கூப்பன் மெயிலைப் பார்த்தேன். "முதல் மூன்று மாத பில்களுக்கு 20%" ன்னு மட்டும்தான் இருக்கு, எந்தப் பிளான்னு இல்லை. சப்போர்ட்டுக்கு எழுதியிருக்கேன், பதில் வரலை.

இன்னொரு விஷயம். பேசிக்ல மாசம் 10 ஜிபி ஸ்டோரேஜ், 200 எக்ஸ்போர்ட். புரோல 1,000 எக்ஸ்போர்ட். நாங்க மாத்தும்போது 180 பயன்படுத்தியாச்சு. மாத்தினதும் மீட்டர் 180/1,000 ன்னு காட்டுது. 0.65 மாசத்துக்குத்தானே காசு வாங்கியிருக்காங்க, அப்ப 650 தானே தரணும்? இல்ல முழு 1,000 நமக்கு உண்டா?

மீனா_டெவ்

அது பில்லிங் பக்கம் இல்ல, அவங்க அப்ளிகேஷன்ல எழுதி வெச்சது. காசைப் பங்கு போடுற சேவை, அளவையும் பங்கு போடணும்னு கட்டாயம் இல்ல. நான் பார்த்ததுல நிறைய இடத்துல முழு அளவைக் கொடுத்துட்டு பழைய பயன்பாட்டை மட்டும் தூக்கிட்டு வருவாங்க, உங்களுக்குக் காட்டுற மாதிரி.

பில்லிங்_மேசை

நான் பார்த்த சில இடங்களில் மீட்டரையே பூஜ்யமாக்கிவிடுவார்கள். அங்கே மாத நடுவில் அப்கிரேடு செய்வது வாடிக்கையாளருக்குக் கொள்ளை லாபம். உங்கள் சேவையில் 650-ஐத் தாண்டியதும் தடுக்கிறதா, கூடுதல் கட்டணம் போடுகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். கூடுதல் பயன்பாட்டுக் கட்டணம் போட்டால் அது நாலாவது வரியாக வரும், அதன் தேதி வரம்பு எந்த நாளில் தொடங்குகிறது என்பதை எனக்கும் பார்க்க வேண்டும்.